மஞ்சள் பட்டு கருநீலமாக வேண்டுமா? முதலில் வெளிச்சத்தைக் குறையுங்கள்

கேள்வி: அம்மாவின் படத்தில் மஞ்சள் பட்டுப்புடவையைக் கருநீலமாக மாற்றப் பார்க்கிறேன். போட்டோஷாப்பில் நிறத்தை மாற்றினால் வெளிர்நீலம்தான் வருகிறது. பிரஷ்ஷால் பூசினால் கொசுவ மடிப்பெல்லாம் போய்விடுகிறது. ஜரிகை பார்டரும் நீலமாகிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: உங்கள் கோளாறு நிறத்தில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. 0 முதல் 255 வரையிலான அளவில் பளிச்சென்ற மஞ்சளின் வெளிச்சம் 190-க்கு மேல் நிற்கும். கருநீலத்தின் வெளிச்சம் 50-க்குக் கீழே. Hue/Saturation-ல் Hue பட்டையை நகர்த்துவது மஞ்சளை நீலமாக்குமே தவிர, துணியைக் கருநீலம் அளவுக்கு இருட்டாக்காது. பிரஷ்ஷால் நேராகப் பூசினாலோ மடிப்பின் நிழலே அழிந்துபோகும். மடிப்பு என்பது வெளிச்ச வித்தியாசம்தானே!

அதனால் இரண்டு லேயர் போடுங்கள். கீழே ஒரு Curves. அதில் வலது மேல் மூலைப் புள்ளியைப் பிடித்து நேராகக் கீழே இறக்கி, 255-ஐ 60 பக்கம் கொண்டுவாருங்கள். கோடு நேராகவே இருக்கட்டும், நடுவில் வளைக்க வேண்டாம். அப்போதுதான் மடிப்பின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள விகிதம் மாறாது. 194 வெளிச்சம் உள்ள இடம் 46 ஆகும், 97 உள்ள நிழல் 23 ஆகும். இப்போது புடவை அழுக்கு மஞ்சளாகத் தெரியும், பயப்படாதீர்கள். அதன் மேல் Solid Color லேயரில் கருநீலத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் Blend முறையை Color என்று வையுங்கள். இந்த முறை கீழே உள்ள வெளிச்சத்தைத் தொடாமல் நிறத்தை மட்டும் போர்த்தும். இரண்டையும் ஒரே குழுவில் போட்டு, புடவையை மட்டும் காட்டும் மாஸ்க்கைக் குழுவுக்குக் கொடுங்கள். பட்டின் பளபளப்பு மங்கினால் Curves புள்ளியைச் சற்று ஏற்றிப் பாருங்கள்.

சரியாக வந்ததா என்று பார்க்க, எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு Black & White லேயர் வையுங்கள். சாம்பல் நிறத்திலும் கொசுவம் வரிவரியாகத் தெரிந்தால் சரி. தட்டையாக இருந்தால் எங்கோ பூசியிருக்கிறீர்கள்.

இனி ஜரிகை. மஞ்சள் புடவையில் பொன் ஜரிகை என்பதுதான் உள்ளதிலேயே கஷ்டமான சேர்க்கை. இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறம் என்பதால் Color Range இரண்டையும் சேர்த்தே பிடிக்கும். பார்டரின் ஓரத்தைப் பென் டூலால் கையாலேயே வரைந்து மாஸ்க்கிலிருந்து விலக்குங்கள். மடிப்பு திரும்பும் இடத்தில் கோடும் திரும்ப வேண்டும். உடலில் புட்டா இருந்தால் Channels பலகையில் நீலச் சேனலை மட்டும் பாருங்கள். அடர்மஞ்சள் துணி அதில் ஏறக்குறைய கறுப்பாகவும், ஜரிகையின் மினுக்கம் வெளிறியும் தெரியும். அந்தச் சேனலின் நகலை Levels-ல் முறுக்கேற்றினால் பாதி மாஸ்க் கிடைத்துவிடும். மீதி கைவேலைதான்.

‘ஒரே கிளிக்கில் புடவை நிறம் மாற்றும் ஆக்‌ஷன்’ என்று விற்கிறார்களே, அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். நான் திறந்து பார்த்தவற்றில் இருந்தது வெறும் Hue நகர்த்தல்தான். எது பார்டர், எது உடல் என்று ஆக்‌ஷனுக்கு எப்படித் தெரியும்? ஆள் வைத்துச் செய்தாலும் லேயரோடு PSD கோப்பைக் கேட்டு வாங்குங்கள். JPEG மட்டும் தந்துவிட்டு, நிறத்தைக் கொஞ்சம் மாற்றச் சொன்னால் மறுபடி முழுக் கூலி கேட்கும் இடைத்தரகர்கள் நிறைய.

வெள்ளைச் சட்டைக்கு நிறம் ஏற்றுவது மட்டும் தனிக் கதை. வெள்ளையின் மேல் Color முறை ஒன்றும் செய்யாது. 255 வெளிச்சத்தில் நிறம் நிற்க இடமில்லை. மேலே சொன்ன Curves இறக்கத்தை முதலில் செய்தால் நிறம் ஏறும். ஆனால் Info பலகையில் சட்டையின் மேல் சுட்டியை நகர்த்திப் பாருங்கள். R, G, B மூன்றும் பரவலாக 255 காட்டினால் அங்கே மடிப்பு பதிவாகவே இல்லை. எவ்வளவு இறக்கினாலும் ஒரே சாம்பல் திட்டுதான் மிஞ்சும். RAW கோப்பு இருந்தால் ஓரளவு மீட்கலாம். இருக்குமா? படம் எடுத்தவர் வாட்ஸ்அப்பில் ஒரு சுருங்கிய பிரதியை அனுப்பிவிட்டு, மூலக்கோப்பை அழித்துவிட்டேன் என்பார். காசு கொடுத்து எடுத்த படத்தின் மூலத்தைக் கெஞ்சி வாங்க வேண்டிய நிலை எப்போது மாறுமோ!

சுருங்கிய பிரதியில் இன்னொரு தொல்லையும் உண்டு. அப்படிப்பட்ட JPEG பெரும்பாலும் வெளிச்சத்தை முழு அளவிலும் நிறத்தைப் பாதி அளவிலும்தான் சேமிக்கும். அதனால் புடவை கழுத்தைத் தொடும் ஓரத்தில் பழைய மஞ்சள் கசிந்து நிற்கும். மாஸ்க்கை ஒரு பிக்சல் வெளியே தள்ளினால் பெரும்பாலும் மறையும். முகவாய்க்கு அடியிலும் முன்கையிலும் விழுந்த மஞ்சள் சாயலுக்குத் தனியாக ஒரு Hue/Saturation லேயர் போட்டு, Yellows-ன் Saturation-ஐ மட்டும் சற்றுக் குறைத்து, மென்மையான பிரஷ்ஷால் அந்த இடங்களில் மட்டும் திறந்துவிடுங்கள். அதிகம் குறைத்தால் தோல் வெளிறிவிடும்.