பணவீக்கக் கணக்கு: எதைக் கழிக்கிறீர்கள்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சூத்திரத்தைப் பற்றியவை: வேலையின்மையையும் பணவீக்கத்தையும் இணைக்கும் பிலிப்ஸ் வளைகோடு. அதை ஒருமுறை எழுதிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

π = πᵉ − β(u − uₙ) + v

π பணவீக்கம், πᵉ மக்கள் எதிர்பார்க்கும் பணவீக்கம், u வேலையின்மை, uₙ அதன் இயல்பு விகிதம். β என்பது அந்த இடைவெளி பணவீக்கத்தை எவ்வளவு இழுக்கிறது என்று சொல்லும் எண். v என்பது எண்ணெய் விலை மாற்றம் போன்ற வெளி அதிர்ச்சி; அதைச் சொல்லாத கணக்குகளில் பூஜ்யம் என்று வைத்திருக்கிறேன்.

எதிர்பார்ப்புப் பணவீக்கம் 5, வேலையின்மை 7, இயல்பு விகிதம் 5, β 0.5. எனக்கு 1.5 வருகிறது, நண்பனுக்கு 4 வருகிறது. யார் சரி?

நண்பர். நீங்கள் 0.5-ஐ 7-ஆல் பெருக்கியிருக்கிறீர்கள். பெருக்க வேண்டியது 7-க்கும் 5-க்கும் உள்ள இடைவெளியை, அதாவது 2-ஐ. 5-லிருந்து 1 போனால் 4. மாதாமாதம் சொல்கிறேன்: முதலில் இடைவெளி, அப்புறம்தான் பெருக்கல்.

"சுழற்சி வேலையின்மை 2 சதவீதம், இயல்பு விகிதம் 5" என்று கேள்வியில் இருக்கிறது. 2-லிருந்து 5-ஐக் கழித்தால் −3 வருகிறதே?

எதற்குக் கழிக்கிறீர்கள்? சுழற்சி வேலையின்மை என்றாலே கழித்து முடித்த எண். அந்த 2-ஐ நேராக β-ஆல் பெருக்குங்கள். 5 என்பது உங்களைச் சோதிக்க வைத்த எண்.

இடைவெளி எதிர்மறையாக வருமா?

தாராளமாக வரும். வேலையின்மை 4, இயல்பு 5 என்றால் −1. முதல் கடிதத்தின் β-வையும் எதிர்பார்ப்பையும் வைத்தால் பணவீக்கம் 5.5. கழித்தல் குறிக்குள் இன்னொரு கழித்தல் குறி. அவற்றில் ஒன்றை விட்டுவிட்டால் 4.5 என்று தப்பாக வரும்.

கேள்வியில் எதிர்பார்ப்புப் பணவீக்கம் தரவில்லை. போன வருடப் பணவீக்கத்தைப் போட்டால் போதும் என்று எங்கள் சார் சொன்னார். சரியா?

"மக்கள் போன வருடத்தைப் பார்த்தே எதிர்பார்க்கிறார்கள்" என்று கேள்வி சொன்னால் சரி. சொல்லாவிட்டால் அது உங்கள் அனுமானம். விடைத்தாளில் அப்படி ஒரு வரி எழுதுங்கள். விடைத்தாள் திருத்திய காலத்திலிருந்தே எனக்கு இதில் ஆதங்கம் உண்டு. போன வருட எண்ணை πᵉ என்று கூசாமல் எழுதிவிட்டுப் போகிறார்கள். 1960-களின் கடைசியில் பொருளியலாளர்கள் ஃபிரீட்மனும் ஃபெல்ப்ஸும் பிலிப்ஸ் வளைகோட்டுக்குள் எதிர்பார்ப்பைத் தனியாகக் கொண்டுவந்ததற்கே அப்புறம் அர்த்தம் இல்லை.

அமெரிக்காவில் போட்டுப் பார்ப்போம். 1979-ல் மத்திய வங்கித் தலைவரான வோல்க்கர், பணவீக்கத்தை அடக்க வட்டியை ஏற்றிக்கொண்டே போனார். 1981-ல் அது 20 சதவீதத்தை ஒட்டி நின்றது. அந்த வருடம் நுகர்வோர் பணவீக்கம் சுமார் 10. 1982-ல் வேலையின்மையும் சுமார் 10. இயல்பு விகிதம் 6, β 0.5 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் நான் எடுத்துக்கொண்டவை, யாரும் அளந்து தந்தவை அல்ல. இடைவெளி 4, பாதி 2. எதிர்பார்ப்பு போன வருடத்தின் 10 என்றால் 1982-க்கு விடை 8. உண்மையில் வந்தது 6 சொச்சம்.

அந்த 2 புள்ளி எங்கே போனது? எண்ணெய் விலை இறங்கிக்கொண்டிருந்தது, அது v-யின் பங்கு. "இந்த மனிதர் விடமாட்டார்" என்று புரிந்துகொண்டு மக்கள் எதிர்பார்ப்பையே குறைத்திருக்கலாம், அது πᵉ-யின் பங்கு. நாம் வைத்த β-வே குறைவாகவும் இருக்கலாம். எது எவ்வளவு என்பதை இந்த ஒரு வருடத்தை வைத்துப் பிரிக்க முடியாது.

அடுத்த வருடமும் வேலையின்மை அதே அளவுதான். 6-லிருந்து 2 போக 4 வர வேண்டும், வந்தது 3 சொச்சம். பரவாயில்லை, பக்கத்தில்தான். 1984-ல் கதை மாறுகிறது. வேலையின்மை 7.5, இடைவெளி 1.5. கணக்குப்படி பணவீக்கம் 2.25-க்கு இறங்க வேண்டும். அதுவோ 4-க்கு மேல் ஏறியது. வேலையின்மை இயல்புக்கு மேல் இருக்கும்போதே பணவீக்கம் ஏறினால், எதிர்பார்ப்பை, v-யை, 6 என்று வைத்த இயல்பு விகிதத்தை, மூன்றையும் சந்தேகப்பட வேண்டும். போன வருட எண்ணைக் கேள்வி கேட்காமல் போட்டவருக்கு எதைச் சந்தேகிப்பது என்றே தெரியாது.

இடைவெளி பூஜ்யம் என்றால் பணவீக்கமும் பூஜ்யம்தானே?

இல்லை. v-யும் பூஜ்யம் என்றால், மக்கள் எதிர்பார்த்த அளவுக்குப் பணவீக்கம் இருக்கும். 8 எதிர்பார்த்தால் 8.

பணவீக்கம் 6-லிருந்து 5 ஆனால் 1 சதவீதம் குறைந்தது என்று எழுதலாமா?

1 சதவீதப் புள்ளி குறைந்தது என்று எழுதுங்கள். சதவீதத்தில் சொன்னால் அது சுமார் 17.

வேலையின்மை 8, எதிர்பார்ப்பு 6. பணவீக்கம் எவ்வளவு? அவசரம், நாளை தேர்வு.

β எங்கே? இயல்பு விகிதம் எங்கே? கேள்வித்தாளை இன்னொரு முறை பாருங்கள், மேல் பத்தியில் இருக்கும்.