நூறு கோடி வசூல் என்றால் அது யாருடைய நூறு கோடி?

கேள்வி: மூன்றே நாளில் நூறு கோடி என்று போஸ்டர் ஒட்டுகிறார்கள். இந்தக் கணக்கை யார் போடுகிறார்கள்? அவ்வளவு வசூலான படம் எனக்குத் துளியும் பிடிக்கவில்லையே, ஏன்?

தாய்மாமாவின் தியேட்டரில் ஆறு வருடம் கணக்கு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரே திரை, தென்மாவட்டத்துச் சிறிய ஊர்.

உண்மையான வசூல் பிறக்கும் இடம் டிசிஆர் என்ற தாள். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் எந்த வகுப்பில் எத்தனை டிக்கெட் போனது, மொத்தம் எவ்வளவு, வரி எவ்வளவு, வரி போக எவ்வளவு என்று அதில் எழுதுவோம். பெரிய படம் என்றால் விநியோகஸ்தரின் பிரதிநிதி ஒருவர் வாசலிலேயே நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருப்பார். அவர் கையெழுத்துப் போட்ட பிறகு அந்தத் தாள் விநியோகஸ்தர் அலுவலகத்துக்குப் போகும். அதோடு சரி. எல்லா ஊர்த் தாள்களையும் கூட்டிப் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் கிடையாது. அமெரிக்காவில் காம்ஸ்கோர் என்ற நிறுவனம் தியேட்டர்களிடமிருந்து நேரடியாகக் கணக்கு வாங்குகிறது. இங்கே தயாரிப்பாளர் சொல்வதுதான் கணக்கு, அவர் சொல்லும் நோக்கமோ விளம்பரம்.

இணையத்தில் உலவும் மற்ற எண்கள் மதிப்பீடுகள். டிக்கெட் செயலியில் எத்தனை இருக்கைகள் நிரம்பியதாகத் தெரிகின்றன என்று எண்ணி, விலையால் பெருக்கி, மீதியை அனுபவத்தால் ஊகிப்பார்கள். தியேட்டர்காரர் தெரிந்தவர்களுக்கென ஒதுக்கிவைத்த இருக்கையும் ரசிகர் மன்றம் மொத்தமாக எடுத்த இருக்கையும் அதில் விற்ற இருக்கைபோலவே தெரியும். எங்கள் தியேட்டர் போலக் கவுண்டரில் மட்டும் டிக்கெட் கிழித்த இடங்கள் கண்ணிலேயே படாது. ஒரே படத்துக்கு இரண்டு பேர் போடும் கணக்கு சில கோடி வித்தியாசப்பட்டால் இருவரும் பொய் சொல்கிறார்கள் என்று பொருள் இல்லை.

இனி போஸ்டரில் உள்ள நூறு கோடியைப் பிரித்துப் பார்ப்போம். அது கிராஸ், அதாவது பார்வையாளர் பையிலிருந்து போன மொத்தப் பணம். 2019 தொடக்கத்தில் தமிழ்நாட்டு மல்டிபிளெக்ஸில் அடிப்படை விலை அதிகபட்சம் 150 ரூபாய். அதன்மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், உள்ளாட்சி கேளிக்கை வரி தமிழ்ப் படத்துக்கு 8 சதவீதம். நீங்கள் கொடுத்தது ஏறக்குறைய 190, அதில் சுமார் 40 ரூபாய் அரசுக்கு. அந்த விகிதத்தில் பார்த்தால் நூறு கோடியில் வரி போக மிஞ்சுவது 79 கோடி. அதுதான் நெட்.

நெட்டைத் தியேட்டர்காரரும் விநியோகஸ்தரும் பங்கு பிரிப்பார்கள். பெரிய நட்சத்திரத்தின் படத்துக்கு முதல் வாரம் விநியோகஸ்தர் பங்கு 65, 70 சதவீதம் வரை போகும். வாரம் ஏற ஏற அது இறங்கும். மொத்தத்தில் சராசரியாக 55 என்று வைத்துக்கொண்டால் விநியோகஸ்தர் கைக்கு வருவது சுமார் 43 கோடி. இதற்குப் பெயர் ஷேர். அவர் அந்தப் படத்தை மினிமம் கேரண்டி முறையில், அதாவது வசூல் குறைந்தாலும் திரும்பக் கிடைக்காத தொகையாக, 50 கோடி கொடுத்து வாங்கியிருந்தால், நூறு கோடி போஸ்டர் சுவரில் காய்வதற்குள் அவர் ஏழு கோடி இழந்திருப்பார். விளம்பரச் செலவு தனி. எண்கள் நான் உதாரணத்துக்கு எடுத்தவை, ஆனால் வழிமுறை இதுதான்.

இது கற்பனைக் கவலை இல்லை. 2014 டிசம்பரில் வந்த லிங்கா நூறு கோடிக்கு மேல் வசூலித்ததாகப் பேசப்பட்டது. 2015 ஜனவரியில் அதன் விநியோகஸ்தர்கள் சிலர் நட்டஈடு கேட்டுச் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். பார்வையாளர் வந்தார்கள், ஆனால் வாங்கிய விலைக்கு ஈடாக வரவில்லை. தயாரிப்பாளருக்கோ தொலைக்காட்சி, ஓடிடி, இசை, பிறமொழி உரிமைகள் தனி வருமானம். ஆகவே யார் வென்றார், யார் தோற்றார் என்பதைக்கூட அந்த ஒற்றை எண் சொல்லாது.

பழைய சாதனையைப் புதிய படம் முறியடித்தது என்ற செய்தி எனக்கு இன்னும் வேடிக்கை. 2006 முதல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு இருந்தது (பின்னாளில் நிபந்தனைகள் சேர்ந்தன). 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அந்தக் கதை முடிந்தது. அந்த ஆண்டே மல்டிபிளெக்ஸ் உச்ச விலையும் 120-லிருந்து 150 ஆனது. ஒரு லட்சம் பேர் அதே இருக்கையில் உட்கார்ந்தால் முன்பு 1.2 கோடி, 2019-இல் 1.9 கோடி. ஒரு ஆள்கூட அதிகம் வரவில்லை, சாதனை மட்டும் வந்துவிட்டது. வசூலுக்குப் பதில் படம் ஓடிய நாள் கணக்கு பேசிய காலமும் யோக்கியமானது என்று நான் சொல்லமாட்டேன். எங்கோ ஒரு தியேட்டரில் பகல் காட்சி மட்டும் ஓட்டி நூறாவது நாள் போஸ்டர் அடித்தவர்கள் அன்றும் உண்டு.

உங்களுக்கு ஏன் பிடிக்கவில்லை என்பதற்கு வருகிறேன். முதல் மூன்று நாள் டிக்கெட்டில் பெரும்பகுதி படத்தை யாரும் பார்ப்பதற்கு முன்பே விற்றுப்போகிறது. நடிகரின் பெயர், பண்டிகை விடுமுறை, எத்தனை திரைகள், எதிரே வேறு படம் உண்டா என்பவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. அது எதிர்பார்ப்பின் அளவு. பார்த்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை அறிய நான் திங்கட்கிழமை டிசிஆரைப் பார்ப்பேன். வெள்ளிக்கிழமை வந்த கூட்டத்தில் பாதியாவது திங்களன்று வந்தால் மாமா முகம் மலரும், கால்வாசி என்றால் அடுத்த படத்துக்குப் போன் போடுவார். அதுவும் தரத்தின் அளவுகோல் இல்லை. தேர்வு நேரம், மழை, பக்கத்து ஊர்த் திருவிழா எல்லாம் அந்தத் தாளில் பெயர் போடாமல் உட்கார்ந்திருக்கும். 2003 பொங்கலுக்கு வந்த அன்பே சிவம் தியேட்டர்களில் தோற்ற படம். அதைக் கொண்டாடுபவர்களில் பெரும்பாலோர் பிற்பாடு தொலைக்காட்சியில் பார்த்தவர்கள், அவர்களுக்கு எந்த டிசிஆரிலும் இடமில்லை.

எங்கள் தியேட்டரில் ஒருமுறை பெயர் தெரியாத நடிகர்களின் சிறிய படம் ஒன்றுக்குப் பகல் காட்சி மட்டும் கிடைத்தது. வெள்ளி 37 டிக்கெட், சனி 52, ஞாயிறு 90, திங்கள் 114. திங்களன்று கூட்டம் கூடிய படத்தை நான் அந்த ஆறு வருடத்தில் வேறு பார்த்ததில்லை. வியாழன் இரவோடு அதை எடுத்துவிட்டோம். மறுநாள் வரவிருந்த நட்சத்திரப் படத்துக்கு நான்கு காட்சியும் தருவதாக மாமா ஒரு மாதம் முன்பே அட்வான்ஸ் கொடுத்திருந்தார்.