டோக்கனும் பட்டியலும் இருந்தால் மட்டுமே பிள்ளை வெளியே

கேள்வி: எங்கள் சபையில் மே மாதம் ஐந்து நாள் வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும். 4 முதல் 13 வயது வரை ஏறக்குறைய 140 பிள்ளைகள் வருவார்கள். போன வருடம் ஒரு சிறுமியை, "மாமா" என்று சொல்லி வந்தவரோடு அனுப்பிவிட்டோம். அவர் உறவினர்தான், ஆனால் அம்மாவுக்குத் தெரியாமல் வந்திருக்கிறார். இந்த வருடம் கோட் நம்பர் கொடுக்கலாம் என்கிறார்கள். செயலி வாங்க வசதி இல்லை. கையாலேயே செய்ய முடியுமா?
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தாராளமாக முடியும். காலையில் பிள்ளையின் கைப்பட்டையில் ஓர் எண், விட வந்தவர் கையில் அதே எண் எழுதிய டோக்கன், அவ்வளவுதான். ஆனால் கோட் நம்பர் வந்த ஆளை அடையாளம் காட்டிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். இந்த டோக்கன் இந்தப் பிள்ளைக்கு உரியது என்பதை மட்டுமே அது சொல்லும். டோக்கனோடு நிற்பவர் பிள்ளையை அழைத்துப்போகலாமா என்பதைச் சொல்வது, பெற்றோர் எழுதிக்கொடுத்த பெயர்ப் பட்டியல். வாசலில் இரண்டையும் பார்க்க வேண்டும்.

அதனால் வேலை பதிவுப் படிவத்தில் தொடங்குகிறது. பெற்றோர் இருவரின் பெயர், இரண்டு தொலைபேசி எண்கள் இவற்றோடு, "பிள்ளையை அழைத்துப்போக வருபவர்கள்" என்று நான்கு வரிகள் விடுங்கள். ஒவ்வொரு வரியிலும் அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர், உறவு, தொலைபேசி எண் மூன்றும் வேண்டும். "சித்தப்பா", "மாமா" என்று மட்டும் எழுதியிருந்தால் படிவத்தைத் திருப்பிக் கொடுங்கள். நம் பிள்ளைகளுக்குப் பக்கத்து வீட்டுக்காரரும் மாமா, அப்பாவின் நண்பரும் மாமா, கடைக்காரரும் மாமா. பிள்ளை "மாமா" என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்தால், அவரை அதற்குத் தெரியும் என்று மட்டுமே அர்த்தம். ஆட்டோக்காரர் கூட்டிப்போவதாக இருந்தால் அவர் பெயரும் ஆட்டோ எண்ணும் அந்த வரிகளில் வந்துவிட வேண்டும். அவர் நான்கு வீட்டுப் பிள்ளைகளை ஏற்றுகிறார் என்றால், நான்கு படிவங்களிலும் அவர் பெயர் இருக்க வேண்டும், கையில் நான்கு டோக்கன்களும் இருக்க வேண்டும்.

கடைசியில் ஒரு வரி: "யாரோடு அனுப்பக் கூடாது?" பெற்றோர் பிரிந்து வாழும் வீடுகளில் இந்த வரிதான் உங்களுக்கு முன்கூட்டியே விவரம் சொல்லும். பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று நீதிமன்ற உத்தரவு இருந்தால் நகல் வாங்கிப் படிவத்தோடு வையுங்கள். உத்தரவு இல்லாத வழக்கை உங்கள் வாசலில் வைத்துத் தீர்க்க முடியாது. பதிவு செய்தவரைத் தொலைபேசியில் அழைத்து, அவர் வரும்வரை பிள்ளையை உள்ளேயே வைத்திருங்கள். தகராறு முற்றினால் 112, பிள்ளைக்கு உதவி தேவைப்பட்டால் 1098.

இனி நம்பர். சைக்கிள் ஸ்டாண்டு டோக்கன் போல 1, 2, 3 என்று வரிசையாகக் கொடுக்காதீர்கள். முந்தைய நாள் டோக்கனையோ பக்கத்துப் பிள்ளையின் எண்ணையோ வைத்து ஊகிக்க அது இடம் கொடுக்கும். வரிசையில்லாத நான்கு இலக்கம், நாள்தோறும் புதிது, நாள்தோறும் வேறு நிறத் தாள். புதன்கிழமை பச்சை என்றால், யாராவது செவ்வாய்க்கிழமை மஞ்சளை நீட்டினால் எண்ணைப் படிக்கும் முன்பே தெரிந்துவிடும்.

இலக்கங்களிலும் எல்லாவற்றையும் பயன்படுத்த வேண்டாம். கைப்பட்டையில் எழுதிய எண்ணை எதிரே நிற்பவர் பெரும்பாலும் தலைகீழாகத்தான் படிப்பார். 6 ஒன்பதாகும், 9 ஆறாகும். அவசரக் கையெழுத்தில் 1 ஏழாகத் தெரியும், 0 ஆறாகத் தெரியும். இந்த நான்கையும் விட்டு 2, 3, 4, 5, 7, 8 மட்டும் போதும். எக்செல்லில் ஒரு கட்டத்தில் இதைப் போட்டு 150 வரிகளுக்கு இழுத்துவிடுங்கள்:

```
=MID("234578",RANDBETWEEN(1,6),1)&MID("234578",RANDBETWEEN(1,6),1)&MID("234578",RANDBETWEEN(1,6),1)&MID("234578",RANDBETWEEN(1,6),1)
```

இங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. இந்த எண்கள் நிலையாக நிற்பவை அல்ல. அதே தாளில் நீங்கள் எந்தக் கட்டத்தைத் தொட்டுத் திருத்தினாலும் 150 எண்களும் மாறிவிடும். காலையில் டோக்கன் அச்சடித்து, பிறகு ஒரு தலைப்பைத் திருத்திவிட்டுப் பட்டியலை அச்சடித்தால், டோக்கனில் ஒரு எண், பட்டியலில் வேறு எண். ஆகவே எண்கள் வந்தவுடனே அந்த வரிசையை நகலெடுத்து, Paste Special போய் Values என்று ஒட்டுங்கள். அதன் பிறகு Remove Duplicates கொடுங்கள். இந்த ஆறு இலக்கங்களில் 1,296 எண்கள்தான் உருவாகும் என்பதால் 150 வரிகளில் ஏழெட்டாவது இரட்டையாக வரும். அவற்றை நீக்கினாலும் 140 பக்கம் மிஞ்சும், உங்களுக்கு அது போதும். கடைசியாக ஏறுவரிசையில் அடுக்கி அச்சடியுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே பிள்ளையின் பெயர், வகுப்பு, வந்த நேரம், போன நேரம் எழுதக் கட்டம் விடுங்கள்.

மேசை மூன்று போதும். 2, 3 என்று தொடங்கும் எண்கள் முதல் மேசைக்கு, 4, 5 இரண்டாவதற்கு, 7, 8 மூன்றாவதற்கு. ஒரு குடும்பம் ஐந்து நாளும் ஒரே மேசைக்குத்தான் போக வேண்டும். அவர்கள் படிவமும் அந்த மேசைக் கோப்பிலேயே இருக்கும். மதியம் கூட்டம் நெருக்கும்போது இதன் அருமை தெரியும். டோக்கனின் முதல் இலக்கத்தைப் பார்த்தாலே எந்த மேசை, எந்தப் பட்டியல் என்று தெரிந்துவிடும், யாரும் தாள்களைப் புரட்டித் தேட வேண்டியதில்லை. படிவங்களை முந்தின ஞாயிற்றுக்கிழமையே வாங்கிவிட்டால், காலையில் ஒரு பிள்ளைக்கு அரை நிமிடம் ஆகும், மூன்று மேசைகளில் அரை மணி நேரத்துக்குள் முடியும். முதல் நாள் காலையில் படிவம் நிரப்பச் சொன்னால் ஒரு வீட்டுக்கே மூன்று நிமிடம் பிடிக்கும், வரிசை தெருவுக்குப் போய்விடும்.

பிள்ளைக்குக் கைப்பட்டை. கண்காட்சிகளில் கட்டுவார்களே, டைவெக் பட்டை, அதையே வாங்குங்கள். எளிதில் கிழியாது, ஒட்டிய இடத்தைப் பிரித்தால் வெட்டுகள் வழியே பிய்ந்து காட்டிக்கொடுத்துவிடும், வேறு பிள்ளைக்கு மாற்றிக் கட்ட முடியாது. நிரந்தர மார்க்கரால் எழுதுங்கள். ஸ்கெட்ச் பேனா என்றால் மே மாத வியர்வையில் பத்து மணிக்கே கரைந்துவிடும். பட்டையில் எண் மட்டும் போதும், பெயர் வேண்டாம். பெயர் தெரிந்த அந்நியர் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்துவிடுவார். பட்டை உறுத்துகிறது என்று அழும் நான்கு வயதுக் குழந்தைக்குக் கணுக்காலில் கட்டலாம்.

அண்ணன் தங்கை இருவருக்கும் ஒரே எண், ஒரே டோக்கன். அதில் "2 பிள்ளைகள்" என்று கட்டாயம் எழுதுங்கள். எழுதாவிட்டால் டோக்கனை வாங்கிக்கொண்டு ஒரு பிள்ளையை மட்டும் அனுப்பிவிட்டு, மற்றது வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பதைப் பிறகுதான் கவனிப்பீர்கள்.

மதியம் பெற்றோர் வகுப்புகளுக்குள் வரக் கூடாது. ஒரே வாசல், பிள்ளைதான் வாசலுக்கு வர வேண்டும். வந்தவர் டோக்கனைக் காட்டட்டும். எண்ணை வாயால் சொல்வதை ஏற்காதீர்கள். பிள்ளையின் கையிலேயே எழுதியிருப்பதை யாரும் பார்த்துச் சொல்லிவிடலாம். பிறகு "உங்கள் பெயர்?" என்று கேளுங்கள். "நீங்கள் செல்வராஜா?" என்று நீங்களே எடுத்துக்கொடுத்துவிட்டால் எவரும் ஆமாம் என்பார். அவர் சொன்ன பெயர் படிவத்தில் இருந்தால், தூது போகும் பையன் வகுப்பிலிருந்து பிள்ளையை அழைத்து வருவான். பட்டையையும் டோக்கனையும் அருகருகே வைத்துப் பார்த்து, டோக்கனை வாங்கிக் கிழித்து, நேரம் எழுதி, பிறகு அனுப்புங்கள். கிழிப்பதை விட்டுவிட்டால் அதே டோக்கனோடு இன்னொருவர் வந்து நிற்கலாம்.

இதையே ஒரு சிக்கலான நேரத்தில் வைத்துப் பார்ப்போம். புதன்கிழமை, பச்சை நாள். ஆறு வயதுச் சிறுமி, எண் 4728. காலையில் விட்டவர் அம்மா. 12.30 மணிக்கு ஓர் இளைஞர் வந்து, அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பிய டோக்கன் படத்தைக் காட்டுகிறார். படம் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் போயிருக்கலாம், எனவே டோக்கன் இல்லாதவராகவே அவரை நடத்த வேண்டும். வரிசையிலிருந்து விலக்கித் தனி மேசைக்கு அனுப்புங்கள். அடையாள அட்டையில் உள்ள பெயர் படிவத்தின் நான்கு வரிகளில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் அம்மாவை அழையுங்கள், உங்கள் போனிலிருந்து, படிவத்தில் உள்ள எண்ணுக்கு. இந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்: வந்தவர் தன் போனில் எண்ணைப் போட்டு, "இந்தாங்க, அக்கா பேசுறாங்க" என்று நீட்டுவார். மறுமுனையில் பேசுவது யார் என்று உங்களுக்குத் தெரியாது. அம்மா சரி என்றால் அந்த இளைஞரிடம் கையெழுத்து வாங்கி, உங்களில் இருவர் பார்க்க அனுப்புங்கள். அவர் பெயர் பட்டியலில் இல்லை, அம்மாவும் போனை எடுக்கவில்லை என்றால் இரண்டாவது எண்ணை அழையுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான். இரண்டு பேர் பிள்ளையோடு இருங்கள், சாப்பிட ஏதாவது கொடுங்கள். வந்தவர் கோபப்படுவார், படட்டும்.

அதனால் வாசலில் நிறுத்தும் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எல்லோருக்கும் நல்லவராக இருக்கும் இளைஞரைவிட, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பல மடங்கு மேல். போதகரும் சபை மூப்பரும் தங்கள் பேரப்பிள்ளைக்கு டோக்கன் காட்ட வேண்டும், தன்னார்வலர்களின் பிள்ளைகளும் பட்டை கட்ட வேண்டும். "நமக்குத் தெரிந்தவர்தானே" என்று ஒருவரை விட்டால், பின்னால் நிற்பவரும் அதையே கேட்பார்.

எல்லாம் முடிந்ததும் கிழித்த டோக்கன்களை எண்ணிப் பட்டியலோடு பொருத்துங்கள். போன நேரம் எழுதாத வரி ஒன்றிருந்தாலும் கழிப்பறை வரை தேடிப் பார்த்த பிறகே கதவைப் பூட்டுங்கள்.

ஐந்தாம் நாளுக்குத் தனியாகத் திட்டம் வேண்டும். நிறைவு விழாவில் பெற்றோர் எல்லோரும் ஆலயத்துக்குள் உட்கார்ந்திருப்பார்கள், பாட்டு முடிந்ததும் பிள்ளைகள் மேடையிலிருந்து நேராக இறங்கி ஓடுவார்கள், நான்கு நாள் கட்டிக்காத்த ஒழுங்கு அங்கே நின்றுவிடும். கடைசிப் பாட்டு முடிந்ததும் பிள்ளைகள் வரிசையாக வகுப்புக்குத் திரும்புவார்கள், பரிசுப் பையும் அங்கேதான், அழைத்துப்போக அதே வாசல், அதே டோக்கன் என்று அழைப்பிதழிலேயே அச்சடித்துவிடுங்கள். பை வகுப்பில் இருப்பதால் பிள்ளைகளே பெற்றோரை இழுத்துக்கொண்டு திரும்பி வருவார்கள்.