அழுகிற அக்காவைச் சுற்றி நிற்காதீர்கள்

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பேக்கிங் லைனில் வேலை செய்கிறேன். போன வாரம் எங்களோடு வேலை செய்யும் ஓர் அக்காவின் பெட்டிகளை, தரம் பார்க்கும் கியூசி இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். அக்கா பெட்டியைத் தள்ளிவிட்டு சத்தம் போட்டார், அப்புறம் அழுதார். நாங்கள் ஆறு பேர் ஓடிப்போய் சமாதானம் சொன்னோம். அழுகை அதிகமானதுதான் மிச்சம். இப்போது அவரிடம் பேசவே எல்லோருக்கும் தயக்கம். சூப்பர்வைசர் வேறு நடந்ததை எழுதிக் கொடுங்கள் என்கிறார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அழுகை கூடியதற்குக் காரணம் நீங்கள் ஆறு பேரும் நல்லவர்களாக இருந்ததுதான். ஆறு பேர் வந்தால் ஆறு முகம், ஆறு கேள்வி, முதுகில் ஆறு கை. அந்த அக்காவுக்குக் கியூசி கொடுத்த அவமானம் ஒன்று. லைன் முழுக்கத் தன்னைப் பார்க்கிறது என்பது இரண்டாவது. அவருடைய அழுகை கூடியது அதற்காகத்தான்.

கோபமோ அழுகையோ வெடிக்கும்போது நெஞ்சு படபடக்கும், மூச்சு மேலே ஏறும், காதில் விழுவது மண்டைக்குள் போகாது. அந்தப் படபடப்பு அடங்கப் பொதுவாக இருபது நிமிடம், சிலருக்கு அரை மணி நேரமாவது ஆகும். நடுவில் நீங்கள் சொல்லும் எந்த நியாயமும் வேலை செய்யாது. 'அமைதியா இருங்கக்கா' என்றால் அவர் காதில் 'நீ கத்துகிறாய்' என்றுதான் விழும். 'எல்லாருக்கும் பிரச்சினை இருக்கு' என்றால் 'உன் பிரச்சினை பெரிசில்லை' என்று விழும். 'என்ன ஆச்சு, ஏன் அழுறீங்க' என்று கேட்டால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல அழுகை திரும்பவும் ஏறும்.

ஆகவே ஒருவர் மட்டும் போங்கள். வயதில் மூத்தவர்தான் போக வேண்டும் என்றில்லை. அந்த அக்கா யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாரோ அவர் போகட்டும். நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். கத்திக்கொண்டிருக்கிறார் என்றால் இரண்டு கை தூரம் விட்டு நில்லுங்கள். வாசலை மறைத்துவிடாதீர்கள், வெளியே போக வழி இல்லை என்று தோன்றினால் ஆள் இன்னும் முரண்டு பிடிப்பார். குரலைத் தாழ்த்தி ஒரே வாக்கியம் போதும்: 'அக்கா, வாங்க, வெளியே கொஞ்சம் காத்தாட நிப்போம், லைனை அவங்க பார்த்துக்குவாங்க.' வரமாட்டேன் என்றால் வற்புறுத்தாமல் பக்கத்திலேயே இருங்கள். கத்தும்போது அவர் சொல்வது தவறாக இருந்தாலும் திருத்தாதீர்கள். கியூசி செய்தது சரியா தப்பா என்கிற வழக்கு நாளைக்கு.

மீதி ஐந்து பேருக்கும் வேலை இருக்கிறது. ஒருவர் அவருடைய இடத்தில் நின்று பெட்டியை நிரப்புங்கள், மற்றவர்கள் கையை நிறுத்தாதீர்கள். லைன் நின்றால் சூப்பர்வைசர் வருவார், அவருக்குப் பின்னால் மேனேஜர் வருவார். அழுகை அப்போது விசாரணையாகிவிடும். யாராவது கைப்பேசியைத் தூக்கினால் கீழே இறக்கச் சொல்லுங்கள். சின்ன ஊர் இது. மத்தியானம் எடுத்த வீடியோ சாயங்காலம் கோயில் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும், ராத்திரிக்குள் அவருடைய பிள்ளைகள் பார்த்திருப்பார்கள்.

இதையெல்லாம் செய்ய ஒரு கதவு உள்ள அறை வேண்டும். நான் போய் வந்த தொழிற்சாலைகளில் மனநலத்தைப் பற்றிய சுவரொட்டி கேண்டீனில் மூன்று நான்கு தொங்கும். அழ வேண்டியவர் போய் உட்கார ஒரு நாற்காலி இருக்காது. கழிவறையில்தான் அழ வேண்டும், அங்கேயும் வெளியே ஒருவர் கதவைத் தட்டுவார். கேட்டால் பட்ஜெட் இல்லை என்பார்கள். சரி, அதை விடுங்கள். உங்கள் லைனில் ஸ்டோர் பக்கமோ சூராவுக்குப் பின்னாலோ ஆள் நடமாட்டம் குறைந்த ஓர் இடத்தை முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

இங்கே ஒன்றை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதில் நானே ஏமாந்திருக்கிறேன். தோட்ட மருத்துவமனையில் எச்.ஏ. என்ற மருத்துவ உதவியாளர் வேலை முடித்து, ஒரு செம்பனை ஆலையில் சுகாதாரப் பொறுப்பில் இருந்தேன். எடைப்பாலத்துக் கிராணி நாற்பத்தைந்து வயதுக்காரர், அதிர்ந்து பேசாதவர். ஒரு வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு லாரி டிரைவரைப் பார்த்துக் கத்தினார், சீட்டுப் புத்தகத்தை விட்டெறிந்தார், அப்புறம் உட்கார்ந்து விசும்பினார். சண்டை எதுவும் நடக்கவில்லை. 'காலையிலேயே ஊத்திக்கிட்டான்' என்று தண்டல் வாயை மோந்து பார்த்தார். நானும் வீட்டுப் பிரச்சினை என்று நினைத்து கால் மணி நேரம் ஆறுதல் பேசிக்கொண்டிருந்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்ததை அப்புறம்தான் கவனித்தேன். எடைப்பாலத்து அறையில் ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்தது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 2.9. நான்குக்குக் கீழே போனாலே ஆபத்து. விரதம் என்று காலையில் சாப்பிடவில்லை, சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நீரிழிவு. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் கிளிக்லசைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் சாப்பாடு தவறினால் சர்க்கரை கீழே இறங்கும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு இது அபூர்வம். சர்க்கரை இறங்கினால் மூளைக்குத் தீனி இல்லை, நிதானம்தான் முதலில் போகும். காரணமே இல்லாத கோபம், குளிர்ந்த வியர்வை, கை நடுக்கம், பேச்சுக் குழறல், இவை சேர்ந்து வந்தால் சந்தேகப்படுங்கள். மூன்று தேக்கரண்டி சீனியை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். சீனி போட்ட டின் பானமும் ஆகும், 'சுகர் இல்லாதது' என்று எழுதியிருந்தால் உதவாது. பால் போட்ட தே தாரே மெதுவாகத்தான் ஏறும். பதினைந்து நிமிடத்தில் தெளியவில்லை என்றால் அதே அளவு இன்னொரு தடவை. தெளிந்ததும் பிஸ்கட்டோ சோறோ சாப்பிட வையுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 999-ஐக் கூப்பிடுங்கள். சந்தேகம் தப்பாகவே இருந்தாலும் ஒரு டம்ளர் சீனித் தண்ணீரால் கெடுதல் இல்லை. உங்கள் அக்காவுக்குக் கியூசி என்ற காரணம் கண்முன்னே இருக்கிறது, அவருடையது இதுவாக இருக்காது. ஆனாலும் அன்று காலை சாப்பிட்டாரா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

அழும்போது 'செத்துப்போனா நல்லது' என்ற பேச்சு வந்தால் அதைக் கோபத்தில் சொன்னது என்று விட்டுவிடாதீர்கள். 'அக்கா, உயிரை விடணும்னு நினைக்கிறீங்களா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியே விடாதீர்கள், வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். மனம் உடைந்தவர்களுக்குக் காது கொடுக்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பிடம் 03-7627 2929 எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம்.

மறுநாள் நிலவரத்துக்கு வருவோம். நீங்கள் தயங்குவதை அவர் 'என்னை ஒதுக்குகிறார்கள்' என்றுதான் எடுத்துக்கொள்வார். வழக்கமான வணக்கம், கேண்டீனில் வழக்கமான நாற்காலி, இது போதும். தனியாகக் கிடைத்தால் ஒரே ஒரு தடவை சொல்லுங்கள்: 'அன்னிக்கு நடந்ததைப் பேசணும்னா நான் இருக்கேன், வேண்டாம்னா விட்டுடலாம்.' திரும்பத் திரும்ப விசாரிப்பதும் ஒரு தொல்லைதான். 'ஏதோ பிடிச்சிருக்கு, பார்க்கணும்' என்று சாமியாடியின் போன் நம்பரோடு வருகிறவரைத் தயவுசெய்து தூர நிறுத்துங்கள். முதல் பூஜைக்கு வாங்கும் காசோடு அது நிற்காது.

எனக்கு அதிகம் பயம் இன்னொரு ஆளைப் பற்றி. ஆள் அழுது ஓய்ந்த அன்றைக்கே, 'உனக்கு நல்ல பேர் கெடாமல் முடித்துத் தருகிறேன், 24 மணி நேர நோட்டீஸில் ஒரு கையெழுத்துப் போடு' என்று காகிதத்தோடு வருவார். சில இடத்தில் அது குத்தகை ஏஜெண்டு, சில இடத்தில் நம் ஆளே ஒருவர். அவமானத்தில் இருக்கிறவர் எதையும் படிக்காமல் போடுவார். தானே விலகியதாகிவிடும், கட்டாயப்படுத்தினார்கள் என்று அப்புறம் நிரூபிப்பது பெரும்பாடு. நீங்கள் அவருக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி 'அக்கா, இன்னிக்கு எதிலயும் கையெழுத்துப் போடாதீங்க' என்று சொல்வதுதான். நடத்தை சரியில்லை என்று வேலையை விட்டு நீக்குவதாக இருந்தால் 1955 வேலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி முதலில் விசாரணை வைக்க வேண்டும். விசாரணைக்காக ஆளை நிறுத்தி வைத்தால் அது இரண்டு வாரத்துக்கு மேல் போகக்கூடாது, குறைந்தது பாதிச் சம்பளமாவது கொடுக்க வேண்டும். நியாயமில்லாமல் நீக்கிவிட்டால் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு கொடுக்கலாம். ஈப்போவில் அலுவலகம் இருக்கிறது, மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இந்த மனுவை எழுதித் தருகிறேன் என்று காப்பிக் கடையில் உட்கார்ந்து முந்நூறு வெள்ளி வாங்கியவரை நான் பார்த்திருக்கிறேன். 60 நாள் ஓடிப்போனது, மனு அவர் பையிலேயே இருந்தது.

சூப்பர்வைசர் கேட்கும் காகிதத்தை மறுக்க வேண்டாம். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும், உங்களுக்குத் தெரிந்த மொழியில், உங்கள் கையால் எழுதுங்கள். 'காலை 10.40க்குக் கியூசி இரண்டாவது தடவை பெட்டியைத் திருப்பினார். அக்கா பெட்டியைத் தள்ளினார், அது கீழே விழுந்தது. யார் மேலும் படவில்லை. சத்தமாகப் பேசினார், பிறகு அழுதார். 11.15க்கு வேலைக்குத் திரும்பினார்.' இந்த அளவு போதும். 'மனநிலை சரியில்லாதவர்', 'எப்போதும் இப்படித்தான்' என்றெல்லாம் எழுதினால் அது உங்கள் வேலை அல்லாத ஒரு தீர்ப்பு. விசாரணை மேசையில் அந்த வரியைத்தான் முதலில் படிப்பார்கள். இரண்டு தடவை திருப்பி அனுப்பியதையும் விடாமல் எழுதுங்கள். கேட்கிறவர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிடத்தான் சொல்வார்கள். மலாயில் தட்டச்சு செய்து கொண்டுவந்து கையெழுத்து மட்டும் கேட்டால், வீட்டில் படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள். கொடுப்பதற்கு முன் அதைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.