ரெரா உத்தரவு வந்துவிட்டது, பணம் எப்போது வரும்?

கேள்வி: தஞ்சாவூரில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு 1.4.2021 அன்று 8 லட்சம், 1.4.2022 அன்று 10 லட்சம் கட்டினேன். வீடு வரவில்லை. பணத்தை 11 சதவீத வட்டியுடன் 90 நாளில் திருப்பித் தருமாறு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெரா உத்தரவிட்டிருக்கிறது. உத்தரவு ஆங்கிலத்தில் இருக்கிறது. 18 லட்சத்தை வாங்கிக்கொண்டு ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்படி கட்டுநர் சொல்கிறார். செய்யலாமா? – கும்பகோணம் வாசகர்

பதில்: போடாதீர்கள். அவர் விட்டுவிடச் சொல்லும் தொகை சிறியதல்ல.

உத்தரவின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். வட்டி 'ஒவ்வொரு தொகையும் செலுத்தப்பட்ட நாள் முதல் திருப்பித் தரும் நாள் வரை' என்று இருந்தால், இரண்டு தவணைக்கும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். 1.4.2025 வரை என்று வைத்துக்கொள்வோம். 8 லட்சத்துக்கு நான்கு ஆண்டு வட்டி 3.52 லட்சம். 10 லட்சத்துக்கு மூன்று ஆண்டு வட்டி 3.30 லட்சம். அசலோடு சேர்த்து 24.82 லட்சம். இது தனிவட்டிதான், கூட்டுவட்டி கிடையாது. வீட்டை ஒப்படைக்க வேண்டிய நாளிலிருந்துதான் வட்டி என்று கட்டுநர் தரப்பில் கணக்குக் காட்டுவார்கள். உத்தரவின் வாசகத்தைக் காட்டி மறுத்துவிடுங்கள்.

90 நாள் என்பது பணம் தருவதற்கான அவகாசம், வட்டிக்கு விடுமுறை அல்ல. அந்த நாட்களிலும் உங்கள் கணக்கில் தினம் சுமார் 542 ரூபாய் ஏறிக்கொண்டே இருக்கும். அவகாசம் உத்தரவு தேதியிலிருந்தா, நகல் கிடைத்த நாளிலிருந்தா என்பதையும் அதே பக்கத்தில் பாருங்கள். நகல் கிடைத்த நாள் என்றிருந்தால், நீங்களும் ஒரு பிரதியை, ஒப்படைத்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் கட்டுநருக்கு அனுப்பிவிடுங்கள். 'எனக்கு வரவே இல்லை' என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

மேல்முறையீட்டுக்குப் போவேன் என்று மிரட்டலாம். அதற்கு 60 நாள் அவகாசம் உண்டு. ஆனால் உங்களுக்குத் தர வேண்டிய அசல், வட்டி முழுவதையும் கட்டிய பிறகே கட்டுநரின் மேல்முறையீட்டைத் தீர்ப்பாயம் விசாரிக்க முடியும். இந்த நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில் சொல்லிவிட்டது. அதனால் மிரட்டும் எல்லோரும் போய்விடுவதில்லை.

கெடு தாண்டியும் பணம் வராவிட்டால், உத்தரவை நிறைவேற்றித் தருமாறு அதே ரெராவில் மனு கொடுங்கள். ரெரா சட்டத்தின் 40ஆவது பிரிவின்படி இந்தத் தொகையை நிலவரி பாக்கிபோல மாவட்ட ஆட்சியர் வழியாக வசூலிக்கலாம். காரியம் பெரும்பாலும் நின்றுபோவது இந்த இடத்தில்தான்: எதை ஜப்தி செய்வது என்று தாசில்தாருக்குத் தெரியாது. கட்டுநரின் பெயரில் உள்ள மனைகளின் சர்வே எண்களைத் திரட்டி, வில்லங்கச் சான்று எடுத்து மனுவோடு இணைத்துவிடுங்கள். சொத்து வேறு மாவட்டத்தில் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள்.

பிரிக்கப்படாத மனைப் பங்கு உங்கள் பெயரில் பதிவாகியிருந்தால், முழுத்தொகையும் உங்கள் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட சார் பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். காசோலையைக் கையில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவதும் வேண்டாம்.