தீபாவளிக்கு மறுநாள் ஏறிய எடை

மயூர் விஹாரில் இருபது வருடமாக இருக்கிறேன். நவராத்திரி முடிந்ததும் பசி கூடுகிறது, பொங்கலுக்குள் பேண்ட் இறுக்குகிறது. போன தீபாவளிக்கு மறுநாள் பார்த்தால் 1.5 கிலோ ஏறியிருந்தது. குளிரைத் தாங்க உடம்பு சாப்பாடு கேட்கிறது என்கிறாள் மனைவி. உண்மையா?
– ஒரு வாசகர், தில்லி

அன்புள்ள நண்பருக்கு,

தீபாவளிக்கு மறுநாள் ஏறிய எடைக்காகக் கவலைப்பட வேண்டாம். ஒரே நாளில் 1.5 கிலோ கொழுப்பு சேர, தேவைக்கு மேல் சுமார் 11,500 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். ஏறியதில் பெரும்பகுதி தண்ணீர். முறுக்கு, மிக்சரின் உப்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும். இனிப்பின் சர்க்கரை தசையிலும் ஈரலிலும் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகச் சேரும்போது, கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரையும் கூட வைத்துக்கொள்ளும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பி ஐந்தாறு நாள் கழித்து, காலையில் வெறும் வயிற்றோடு எடை பாருங்கள். அப்போதும் இறங்காததைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

குளிரில் உடம்பு சூட்டுக்காகக் கூடுதலாக எரிப்பது உண்மைதான். ஆனால் அதற்கு உடம்பு நிஜமாகவே குளிர வேண்டும். ஸ்வெட்டர், ஹீட்டர், ரஜாய் என்று இருக்கும் நமக்கு அந்தச் செலவு மிகக் குறைவு. தில்லியில் எடையை ஏற்றுவது வேறு. நவம்பரில் புகை, அப்புறம் மூடுபனி, காலை நடை நின்றுவிடுகிறது. 70 கிலோ எடையுள்ளவர் 45 நிமிட நடையை விட்டால் ஏறக்குறைய 150 கலோரி செலவாகாமல் நிற்கும். சீக்கிரம் இருட்டிவிடுவதால் மாலையில் சர்க்கரை போட்ட டீ இரண்டு கூடும், கூடவே எள் மிட்டாயான கஜக் ஒரு துண்டு. அதில் இன்னொரு 150. இரண்டு மாதத்தில் 18,000 கலோரி. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 என்றால், காகிதத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் வரும். உடம்பு கொஞ்சம் ஈடுகட்டுவதால் நிஜத்தில் அவ்வளவு ஏறாது. (நவராத்திரிச் சுண்டலைக் குற்றம் சொல்லாதீர்கள், அது வயிற்றை நிறைக்கும் நல்ல உணவு.)

எனக்குக் கவலை தருவது இறங்காத மிச்சம்தான். 2000-ல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில் 195 பேரை எடை பார்த்தார்கள். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரையான பண்டிகை வாரங்களில் சராசரியாக ஏறியது அரைக் கிலோகூட இல்லை. ஆனால் அது பிறகும் இறங்கவில்லை, வருடம் முழுக்க ஏறியதில் பெரும்பங்கு அந்த வாரங்களுடையது. நமக்குப் பண்டிகைகள் நவராத்திரியிலேயே தொடங்கிவிடுகின்றன. பத்து வருடத்தில் அது சில கிலோவாகிவிடும்.

என் அப்பா புகை நாட்களில் வீட்டுக்குள்ளேயே, ஹாலிலிருந்து சமையலறை வரை, மூன்று வேளையும் சாப்பிட்டதும் கால் மணி நேரம் நடப்பார். மாலை டீயில் சர்க்கரையைப் பாதியாக்கினார். நீங்களும் அந்த இரண்டையும் செய்யுங்கள், ஞாயிறுதோறும் எடையைக் குறித்துவையுங்கள்.

குளிர் போன பிறகும் எடை ஏறிக்கொண்டே இருந்து, கூடவே அசதியும் மலச்சிக்கலும் இருந்தால் தைராய்டுக்கு டி.எஸ்.எச். பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கால் வீங்கி மூச்சு வாங்கினால் ஒரு நாளும் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.