ஹாஷ் செய்து அனுப்பினால் அந்த ஹாஷே பாஸ்வேர்ட் ஆகிவிடும்

கேள்வி: அலுவலகத்துக்குள் மட்டும் ஓடும் செயலி, எச்டிடிபிஎஸ் இல்லை. பாஸ்வேர்டை பிரவுசரிலேயே ஹாஷ் செய்து அனுப்பினால் போதாதா? நடுவில் பார்ப்பவருக்குப் பாஸ்வேர்ட் தெரியாதே?

போதாது. நடுவில் பார்ப்பவருக்குப் பாஸ்வேர்ட் தெரியாதுதான், ஆனால் உள்ளே நுழைய அவருக்கு அது தேவையே இல்லை. உங்கள் சர்வர் சரிபார்ப்பது வந்து சேரும் ஹாஷை மட்டும்தான், அந்த ஹாஷை யார் அனுப்பினாலும் கதவு திறக்கும். இன்னொன்று, சர்வரிலும் அதே ஹாஷைத்தான் சேமித்திருப்பீர்கள், அதனால் டேட்டாபேஸ் கசிந்தால் எல்லோருடைய பாஸ்வேர்டையும் அப்படியே எழுதி வைத்திருந்ததற்குச் சமம். இதைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும்: பிரவுசரில் F12 தட்டி, ஒருமுறை லாகின் செய்து, அந்தக் கோரிக்கையை `Copy as cURL` மூலம் எடுத்து, மறுநாள் வேறு கணினியில் ஓட்டிப் பாருங்கள். உள்ளே போகிறது என்றால் அதுதான் ரீப்ளே தாக்குதல்.

இதற்குத்தான் சேலஞ்ச். லாகின் தொடங்கும்போது சர்வர் யூகிக்க முடியாத ஒரு எண்ணைத் தரும், பிரவுசர் அந்த எண்ணையும் ரகசியத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட விடையை அனுப்பும், அடுத்த முறை எண் மாறிவிடுவதால் பழைய விடை செல்லாது. ஆனால் நான் முன்பு பார்த்த ஒரு செயலியில் சேலஞ்ச் இருந்தும் பயனில்லாமல் போயிருந்தது. சர்வர் தான் கொடுத்த எண்ணை நினைவில் வைக்காமல் படிவத்தின் மறைவான புலத்தில் போட்டு அனுப்பிவிட்டு, திரும்பி வரும் எண்ணையே நம்பிக் கணக்குப் பார்த்தது. பழைய எண்ணையும் பழைய விடையையும் ஜோடியாக அனுப்பினால் போதும், லாகின் ஆகிவிடும். எண்ணை சர்வர் தன்னிடம் வைத்திருக்க வேண்டும், ஒருமுறை பயன்பட்டதும் அழித்துவிட வேண்டும்.

சரி, இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தால் முடிந்ததா? போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் பல ஆண்டுகள் பயன்படுத்திய `md5` லாகின் முறையைப் பாருங்கள்:

```
X     = md5(password + username)   -- சர்வரில் இருப்பது
விடை = md5(X + salt)              -- salt: 4 பைட், ஒவ்வொரு முறையும் புதிது
```

இங்கே salt தான் சேலஞ்ச். 4 பைட் என்றால் சுமார் 429 கோடி எண்கள், கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் ஒரு வலைச் செயலி ஒரே பயனர் பெயரில் ஓயாமல் டேட்டாபேஸில் லாகின் செய்யும்போது ஒருவர் ஒரு லட்சம் லாகின்களைப் பதிவு செய்து வைத்துவிட்டால், சராசரியாக 43,000 முறை இணைத்துப் பார்ப்பதற்குள் பழைய salt ஒன்று திரும்ப வந்துவிடும். salt முதலிலேயே கைக்கு வருவதால், தெரியாத எண் வந்தால் விடை அனுப்பாமலே இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி முயலலாம்.

அதைவிட மோசமானது X. விடையைக் கணக்கிட X மட்டும் போதும், பாஸ்வேர்ட் வேண்டாம். பழைய பேக்கப் கோப்பு ஒன்றிலிருந்து X கிடைத்தவர் எதையும் உடைக்காமல் நேராக லாகின் செய்வார். நீங்கள் கேட்ட பிரவுசர் ஹாஷும் இதே நிலைதான், சேலஞ்ச் சேர்த்தாலும் மாறாது.

2017இல் போஸ்ட்கிரெஸ் 10இல் வந்த `scram-sha-256` இதைத்தான் சரிசெய்தது. சர்வரில் இருப்பது சாவி அல்ல, சாவியின் ஹாஷ். பயனர் தன் சாவியை, அந்த ஒரு லாகினுக்கு மட்டுமே உரிய ஒரு மதிப்போடு XOR செய்து மூடி அனுப்புவார், சர்வர் மூடியை எடுத்து, வந்த சாவியை ஹாஷ் செய்து தன்னிடம் உள்ளதோடு ஒப்பிடும். சர்வரில் இருப்பதை மட்டும் திருடியவரிடம் சாவி இல்லை, அதனால் அவரால் பயனராக நுழைய முடியாது. ஆனால் அதைத் திருடியவரே ஒரு லாகினை ஒட்டுக்கேட்டும் விட்டால் மூடியைக் கழற்றிச் சாவியை எடுத்துவிடலாம், அதேபோல் பலவீனமான பாஸ்வேர்டாக இருந்தால், ஒட்டுக்கேட்ட ஒரு லாகினை வைத்தே வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக யூகித்துப் பார்க்கவும் முடியும்.

உங்கள் செயலிக்கு இதில் எதையும் ஜாவாஸ்கிரிப்டில் எழுத வேண்டாம். எச்டிடிபிஎஸ் இல்லாத வலையில் நடுவில் இருப்பவர் அந்த ஜாவாஸ்கிரிப்டையே மாற்றி, பாஸ்வேர்டைத் தனக்கும் ஒரு பிரதி அனுப்ப வைக்கலாம், அதையும் விட்டால் லாகினுக்குப் பிறகு போகும் குக்கீயை எடுத்துக்கொள்வார். அலுவலகத்துக்குள் சொந்தமாக ஒரு சான்றிதழ் ஆணையம் அமைத்து, அதன் மூலச் சான்றிதழை எல்லாக் கணினிகளிலும் நிறுவி எச்டிடிபிஎஸ் போடுங்கள், பாஸ்வேர்டை அதற்குள் அப்படியே அனுப்புங்கள், சர்வரில் ஆர்கான்2 கொண்டு ஹாஷ் செய்து வையுங்கள். பின்னால் போஸ்ட்கிரெஸ் இருந்தால் இதையும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள், `md5` என்று தொடங்கும் கணக்குகளுக்கெல்லாம் `password_encryption` அமைப்பை மாற்றிவிட்டுப் பாஸ்வேர்டைப் புதிதாக வைக்க வேண்டும்:

```
SELECT rolname, left(rolpassword, 5) FROM pg_authid;
```